பழைய முகவரிக்கே போகும் ஒப்புதல் கடிதம்

கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் இன்று நூல் வாங்குவதற்கும், துணி விற்பதற்கும், விளைபொருளின் விலையறிவதற்கும் இணையத்தில் கணக்கு வைத்திருக்கின்றன. அக்கணக்குகள் ஒவ்வொன்றிலும் ஒரு மின்னஞ்சல் முகவரி பதிவாகியிருக்கிறது. காரியதரிசி மாறும்போதோ, சங்கம் வேறு அஞ்சல் சேவைக்கு மாறும்போதோ இம்முகவரியை மாற்ற வேண்டி வருகிறது. கணக்கினுள் நுழைந்து, புதிய முகவரியை எழுதிப் பொத்தானை அழுத்தினால், "உங்கள் பழைய முகவரிக்கு ஓர் ஒப்புதல் இணைப்பு அனுப்பியிருக்கிறோம், அதை அழுத்தினால்தான் மாற்றம் நிறைவேறும்" என்று பதில் வருகிறது. பழைய முகவரியோ செத்துப் போனது. அது செத்துப் போனதனால்தான் மாற்றவே வந்தோம். ஆகவே மாற்றம் நடுவழியில் நின்றுவிடுகிறது.

இது ஏன் இப்படி அமைந்திருக்கிறது, எங்கே தடைப்பட்டது என்று எப்படி அறிவது, எந்த வரிசையில் முயன்றால் முடிச்சு அவிழும் என்பவற்றை ஒரு சங்கத்தின் உதாரணத்தோடு இங்கே விளக்குவோம்.

பழைய முகவரியிடம் ஏன் கேட்கிறார்கள்?

முகவரி மாற்றத்தில் இரண்டு வகைக் கடிதங்கள் உண்டு. ஒன்று புதிய முகவரிக்குப் போவது. "இந்த முகவரி உண்மையில் இருக்கிறதா, இதைத் திறப்பவர் நீங்கள்தானா?" என்பது அதன் கேள்வி. எழுத்துப் பிழையால் கணக்கு வேறொருவர் கைக்குப் போய்விடாமல் அது காக்கிறது. மற்றொன்று பழைய முகவரிக்குப் போவது. "இந்த மாற்றம் உங்கள் சம்மதத்தோடுதான் நடக்கிறதா?" என்பது அதன் கேள்வி.

இவ்விரண்டாவது கேள்விக்குத் தக்க காரணம் இருக்கிறது. ஒரு கணக்கின் கடவுச்சொல் மறந்து போனால், அதைப் புதுப்பிக்கும் கடிதம் பதிவாகியுள்ள முகவரிக்குத்தான் வரும். ஆகையால் முகவரி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் கணக்கு இருக்கிறது. அலுவலகக் கணிப்பொறியில் கணக்கைத் திறந்தபடியே விட்டு எழுந்து போனால், வேறொருவர் வந்து தம் முகவரியை அங்கே எழுதிவிடலாம். பழைய முகவரிக்குப் போகும் கடிதம் அந்தத் திருட்டைத் தடுக்கிறது.

எல்லா இணையதளங்களும் இவ்வாறு செய்வதில்லை. சில, புதிய முகவரியின் ஒப்புதலை மட்டும் பெற்றுக்கொண்டு, பழைய முகவரிக்கு வெறும் தகவல் அனுப்புகின்றன. அத்தகைய இடங்களில் பழைய முகவரி வேலை செய்யாவிட்டாலும் மாற்றம் நிற்காது. சில, இரண்டு முகவரிகளின் ஒப்புதலையும் கேட்கின்றன. முடிச்சு விழுவது இவற்றில்தான். ஆதலின் முதலில் திரையில் வந்த வாசகத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். கடிதம் எந்த முகவரிக்குப் போனது, அது ஒப்புதல் கேட்கும் கடிதமா, தகவல் மட்டும் தரும் கடிதமா என்று தெரிந்துகொள்ளாமல் மேலே எதுவும் செய்தல் வீண். பழைய முகவரிக்குப் போனதாக நினைத்தது உண்மையில் புதிய முகவரிக்கு வந்து, அங்கே வேண்டாத கடிதங்களின் பகுதியில் விழுந்து கிடப்பதும் உண்டு.

தடை எங்கே என்று அறியும் வழி

தபால்காரர் ஆளில்லாத வீட்டுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பும்போது அது அனுப்பியவருக்கே போய்ச் சேர்கிறது. மின்னஞ்சலிலும் அவ்வாறே. ஒப்புதல் கடிதம் திரும்பினால், அந்தச் செய்தி இணையதளத்தாரின் சர்வருக்குப் போகுமேயன்றி நமக்கு வராது. நம் திரையில் "காத்திருக்கிறது" என்ற சொல் மட்டும் மாறாமல் நிற்கும். எனவே நாமே ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். புதிய முகவரியிலிருந்து பழைய முகவரிக்கு ஒரு வரிக் கடிதம் எழுதி அனுப்பினால், திரும்பி வரும் பதில் நோயைச் சொல்லிவிடும்.

உடனே திரும்பி வந்து, அதில் கீழ்க்கண்டவாறு ஒரு வரி இருந்தால், டொமைன் உயிரோடிருக்கிறது, அதில் அந்தப் பெயருடைய அஞ்சல் பெட்டிதான் இல்லை என்று பொருள்.

```
550 5.1.1 <seyalar@example.org>: Recipient address rejected: User unknown
```

எண் `5.2.2` அல்லது `4.2.2` என்றிருந்தால் பெட்டி இருக்கிறது, ஆனால் நிரம்பிவிட்டது. இது மிக எளிய வகை. பெட்டியைத் திறந்து பழைய கடிதங்களை நீக்கினாலே போதும். `Host or domain name not found` என்று வந்தால் அஞ்சல் பெட்டியின் பெயருக்குப் பின்னே நிற்கும் டொமைனே வழக்கிலிருந்து போய்விட்டது, அல்லது அதன் அமைப்பு அழிந்துவிட்டது.

சில வேளைகளில் எந்தப் பதிலும் வராது. பெறும் சர்வர் வாய் திறவாமல் இருந்தால், அனுப்பும் சர்வர் உடனே கைவிடுவதில்லை. 4, 5 நாட்கள் வரையில் மீண்டும் மீண்டும் முயல்வது அஞ்சல் சர்வர்களின் பொதுவிதி. ஆகவே சோதனைக் கடிதம் சில நாள் கழித்துத் திரும்பினாலும் வியப்பதற்கில்லை. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒப்புதல் இணைப்புகள் பலவற்றிற்கு ஆயுள் 24 மணி நேரமே. தாமதமாகப் போய்ச் சேரும் கடிதத்தில் இருக்கும் இணைப்பு, சேரும்போதே காலாவதியாகியிருக்கும்.

நிற்க. இந்நிலையில் பலரும் செய்வது "மீண்டும் அனுப்பு" என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பது. அதனால் நன்மை இல்லை, தீமை உண்டு. பல இடங்களில் புதிய இணைப்பு பிறந்தவுடன் பழைய இணைப்பு செல்லாததாகிவிடும். அன்றியும், பெருமளவில் கடிதம் அனுப்பும் சேவைகள், "அப்படி ஒருவர் இல்லை" என்று திரும்பிய முகவரிகளை ஒரு தடைப்பட்டியலில் எழுதி வைத்துக்கொள்கின்றன. அமேசானின் எஸ்.இ.எஸ். போன்ற சேவைகளில் இப்பட்டியல் உண்டு. பட்டியலில் ஏறிய முகவரிக்குப் பின்னர் கடிதம் புறப்படுவதே இல்லை. இணையதளத்தின் திரை மட்டும் "அனுப்பிவிட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். இதன் விளைவைப் பின்னே காண்போம்.

ஒரு சங்கத்தின் கதை

ஒரு நெசவாளர் சங்கம் `example.org` என்ற சொந்த டொமைனை வைத்திருந்தது என்று கொள்வோம். காரியதரிசியின் முகவரி `seyalar@example.org`. துணி விற்கும் ஒரு தளத்தில் சங்கத்தின் கணக்கு இம்முகவரியில்தான் இருக்கிறது. டொமைனின் தவணை 2025 ஏப்ரல் 10 அன்று முடிகிறது. புதுப்பிக்கும்படி நினைவூட்டும் கடிதங்களைப் பதிவாளர் அனுப்பியாக வேண்டும் என்பது `.org`, `.com` போன்ற பொது டொமைன்களுக்கு ஐகான் என்னும் உலக நிறுவனம் வகுத்த விதி. தவணைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, தவணை கடந்து 5 நாட்களுக்குள் ஒன்று. இவை அனைத்தும் ஓய்வு பெற்றுப் போன காரியதரிசியின் பெட்டிக்குத்தான் வந்தன. எவரும் பார்க்கவில்லை.

மே மாத நடுவில் சங்கத்திற்கு அஞ்சல் வருவது நின்றது. புதிய காரியதரிசி ஓர் இலவச அஞ்சல் சேவையில் முகவரி தொடங்கி, ஜூன் 2 அன்று துணித் தளத்தில் முகவரியை மாற்ற முயன்றார். ஒப்புதல் கடிதம் பழைய முகவரிக்குப் போயிற்று. சோதனைக் கடிதம் அனுப்பினார். டொமைன் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது.

இப்போது நாட்கணக்கு முக்கியமாகிறது. பொது டொமைன்களில், தவணை முடிந்தபின் 45 நாட்கள் வரையில் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்கும் சலுகைக் காலம் இருக்கலாம். எத்தனை நாட்கள் என்பதைப் பதிவாளரே தீர்மானிக்கிறார். சிலர் குறைத்தும் தருவர். முழு 45 நாட்கள் தரப்பட்டதாகக் கொண்டால், அது மே 25 அன்று முடிந்தது. அடுத்து 30 நாட்கள் மீட்புக் காலம், அதாவது ஜூன் 24 வரையில். இக்காலத்தில் டொமைன் பெயர் வேலை செய்யாது. ஆனால் முன்னைய உடைமையாளர், முன்னைய பதிவாளர் மூலமாகவே, கூடுதல் கட்டணம் செலுத்தி அதைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பின் 5 நாட்கள். அந்நாட்களில் யாரும் எதுவும் செய்ய இயலாது. ஜூன் 29 அளவில் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிப் பொதுவாகிவிடும். யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். நாட்டுக் குறியுள்ள டொமைன்களுக்கு அந்தந்த நாட்டுப் பதிவகத்தின் விதிகள் பொருந்தும். ஆகையால் அவற்றிற்குப் பதிவாளரிடமே கேட்டறிய வேண்டும்.

ஜூன் 2 மீட்புக் காலத்தினுள் விழுகிறது. சங்கம் தப்பியது; ஆனால் உடனே இரண்டாவது முடிச்சு தென்பட்டது. டொமைனை மீட்கப் பதிவாளரின் கணக்கில் நுழைய வேண்டும். கடவுச்சொல்லை அறிந்தவர் இல்லை. புதுப்பிக்கக் கேட்டால் அதன் கடிதமும் `seyalar@example.org` என்ற அதே செத்த முகவரிக்கே போகிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை இது. சங்கம் பதிவாளருக்குத் தொலைபேசியில் பேசி, பழைய கட்டண ரசீது, சங்கப் பதிவுச் சான்றிதழ், நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றை அனுப்பி, தன் உரிமையை நிலைநாட்டிய பிறகே கணக்கு திறந்தது. இத்தகைய விசாரணைக்குச் சில நாட்கள் ஆகும் என்பதால், ஜூன் 20 அன்று தொடங்கியிருந்தால் காலம் கடந்திருக்கும்.

டொமைன் மீண்டவுடன் பழைய அஞ்சல் சேவையை அப்படியே திரும்ப ஏற்படுத்த வேண்டும் என்பதில்லை. கடிதம் அனுப்பும் சர்வர், அந்த டொமைனின் `MX` என்ற குறிப்பு எந்தச் சர்வரைக் காட்டுகிறதோ அங்கே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. பழைய பெட்டி எங்கிருந்தது, அதில் என்ன இருந்தது என்பது அதற்கு வேண்டாத விஷயம். ஆகவே சங்கம் பதிவாளரே தரும் அஞ்சல் திருப்பும் வசதியை எடுத்துக்கொண்டு, `seyalar` என்ற பெயருக்கு வரும் கடிதங்கள் யாவும் புதிய முகவரிக்குத் திரும்பும்படி அமைத்தது. ஒரு நாள் பொறுத்துச் சோதனைக் கடிதம் அனுப்பியது. அது புதிய முகவரிக்கு வந்து சேர்ந்தது.

பிறகு துணித் தளத்தில் மீண்டும் ஒப்புதல் கடிதம் கேட்டது. வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மற்றவர் அனுப்பும் கடிதம் வருகிறது, தளத்தாரின் கடிதம் மட்டும் வரவில்லை என்றால் காரணம் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும். முன்பு திரும்பிய கடிதத்தால் அம்முகவரி தளத்தாரின் தடைப்பட்டியலில் ஏறியிருக்கிறது. நம் பக்கத்தில் அதற்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. தளத்தாரின் உதவிப் பிரிவுக்கு எழுதிப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். சங்கம் அவ்வாறு எழுதியது, நீக்கப்பட்டது, இணைப்பு வந்தது, மாற்றம் முடிந்தது.

பழைய முகவரியை உயிர்ப்பிக்க இயலாதபோது

எல்லாருக்கும் சொந்த டொமைன் இருப்பதில்லை. பழைய முகவரி வேறொரு நிறுவனத்தின் டொமைனில் இருந்தால், அந்நிறுவனத்தின் அஞ்சல் நிர்வாகியிடம் அப்பெயருக்கு வருவதைச் சில நாட்களுக்குத் திருப்பிவிடக் கேட்கலாம். இலவசச் சேவையாயின், பயன்படுத்தாமல் விட்ட காலத்தைப் பொறுத்தது. கூகுள் 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 திசம்பர் முதல் நீக்கத் தொடங்கிற்று. நீக்கிய முகவரியை மீண்டும் எவருக்கும் அது தருவதில்லை. அந்நிலையில் முகவரியை மீட்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

அப்போது மிஞ்சுவது மூன்று வழிகள். முதலாவது, கணக்கு எந்தக் கருவியிலாவது இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. திறந்திருந்தால் அதை மூடக் கூடாது. மூடிவிட்டால், மறுபடி நுழைய ஓர் எண் கேட்டு, அதுவும் பழைய முகவரிக்கே போகக்கூடும். திறந்திருக்கும் கணக்கில் கைபேசி எண், முன்னே தரப்பட்ட மீட்புக் குறியீடுகள் ஆகியவற்றால் ஒப்புதல் தரும் வேறு வழி இருக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டாவது, சங்கத்தின் கணக்கில் மற்றொரு நிர்வாகி சேர்க்கப்பட்டிருந்தால், அவர் தம் கணக்கிலிருந்து புதிய காரியதரிசியைப் புதிதாகச் சேர்த்து, பழையவரை நீக்கலாம். இங்கே முகவரி மாற்றமே தேவையில்லை. மூன்றாவது, தளத்தாரின் உதவிப் பிரிவுக்கு எழுதுவது.

உதவிப் பிரிவுக்கு "முகவரி மாற முடியவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால், "உங்கள் பழைய முகவரிக்கு வந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வழக்கமான விடை வரும். ஆதலின் முதற் கடிதத்திலேயே நிலைமையை முழுதும் கூற வேண்டும். கீழ்க்கண்டவாறு எழுதலாம்.

"எங்கள் கணக்கின் பதிவு எண் இன்னது. பதிவான முகவரி இன்னது. அந்த அஞ்சல் பெட்டி இன்ன தேதியிலிருந்து இல்லை. அதற்கு அனுப்பிய சோதனைக் கடிதம் திரும்பியதன் நகலை இணைத்திருக்கிறோம். இன்ன தேதியில் கேட்ட முகவரி மாற்றம் பழைய முகவரியின் ஒப்புதலுக்காக நிற்கிறது. அவ்வொப்புதலை எங்களால் தர இயலாது. எங்கள் உரிமையை வேறு வகையில் சோதித்து, மாற்றத்தை உங்கள் பக்கத்திலிருந்தே நிறைவேற்றக் கோருகிறோம். கணக்கு தொடங்கிய மாதம், கடைசி 2 பட்டியல்களின் எண்கள், பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கின் கடைசி 4 இலக்கங்கள், சங்கப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றைத் தருகிறோம்."

கடவுச்சொல்லையும், கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் எக்காரணத்தாலும் கடிதத்தில் எழுதலாகாது. அவற்றைக் கேட்டு வரும் பதில், தளத்தாரிடமிருந்து வந்ததன்று. உதவிப் பிரிவினர் மாற்றத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் சில நாள் காத்திருக்கச் சொல்வதுண்டு. உண்மையான உடைமையாளர் வேறொருவர் இருந்தால் மறுப்புச் சொல்ல இடம் தருவதற்காக அது. தளத்தார் மறுத்துவிட்டால், கடவுச்சொல் கையில் இருக்கும்வரை கணக்கில் உள்ள பட்டியல்களையும் விலாசங்களையும் இறக்கி வைத்துக்கொண்டு, புதுக் கணக்குத் தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

செத்த முகவரி வேறொருவர் கைக்குப் போனால்

இந்தத் தடையைத் தளத்தார் எளிதில் தளர்த்தாமல் இருப்பதற்கும், முகவரி மாற்றத்தை நாம் ஒத்திப்போடக் கூடாது என்பதற்கும் காரணம் ஒன்றே. கைவிட்ட முகவரி வெறுமையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. யாகூ நிறுவனம் 2013ஆம் ஆண்டில், 12 மாதங்களுக்கு மேல் பயன்படாத பெயர்களை விடுவித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தது. புதிதாகப் பெற்றவர்களில் சிலருக்கு முன்னைய உடைமையாளருக்குரிய கடிதங்கள் வந்து சேர்ந்தன. சொந்த டொமைனில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. நம் உதாரணச் சங்கம் ஜூன் 29க்குப் பின் விழித்திருந்தால், அப்பெயரை வேறொருவர் வாங்கி, `seyalar` என்ற பெட்டியைத் தாமே ஏற்படுத்தி, துணித் தளத்தில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தியிருந்தாலே கணக்கு அவருடையதாகியிருக்கும். ஒப்புதல் கேட்கும் கடிதமும் அவருக்கே போயிருக்கும்.

ஆகவே, மாற்றம் முடிந்துவிட்டது என்று சங்கம் டொமைனை உடனே கைவிடலாகாது. பழைய முகவரியில் பதிவான கணக்குகள் வேறு எவை என்று தேடி, அனைத்தையும் மாற்றி முடிக்கும்வரை, குறைந்தது ஓராண்டு அதைப் புதுப்பித்து வைத்திருப்பது நலம். திருப்பிவிட்ட கடிதங்களே இந்தத் தேடலுக்கு உதவும். ஓராண்டில் எந்தெந்தத் தளங்களிலிருந்து பழைய முகவரிக்குக் கடிதம் வருகிறதோ, அவையே மாற்ற வேண்டிய கணக்குகளின் ஜாபிதா.

முகவரி இன்னும் உயிரோடு இருக்கும் சங்கங்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. புதிய முகவரியைத் தொடங்கிய அன்றே, பழைய பெட்டி திறக்கும் நிலையில் இருக்கும்போதே, ஒவ்வொரு கணக்கிலும் மாற்றத்தை முடித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் பழையதை மூட வேண்டும். டொமைன் பதிவாளரின் கணக்கில் அந்த டொமைனையே சார்ந்த முகவரியை வைக்கலாகாது. மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, காரியதரிசியின் கைப்பையில் அன்று, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் தீர்மானப் புத்தகத்தோடு வைக்க வேண்டும். காரியதரிசி பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் ரொக்கத்தையும் சரக்கையும் சரிபார்ப்பது போலவே, இக்கணக்குகளின் பட்டியலையும் முகவரிகளையும் சரிபார்த்து, இருவரும் கையொப்பமிட வேண்டும்.